அழைப்பில்லாத ஆத்ம நண்பன்

முன்னொரு காலத்தில், கல்யாணச் சாப்பாட்டுக்காகவே நாட்டை ஆண்டாரோ என்று சந்தேகப்படும்படி ஒரு ராஜா இருந்தார். ஒரு கல்யாணத்தில் அழைக்காத கூட்டம் புகுந்து பந்தியை நிரப்பிவிட, ராஜாவின் இலைக்கு வருமுன்பே பாயசம் தீர்ந்துபோனது. மறுநாளே சட்டம் பிறந்தது. இனி அழைப்பில்லாமல் எந்தக் கல்யாணப் பந்தலில் யார் கால் வைத்தாலும் பாதி மீசை மழிக்கப்படும். பாயசம் போன கோபத்தில் போட்ட சட்டம் வேறெப்படி இருக்கும்?

அவருடைய சபையின் விகடகவி நாவுடையான். ஊரையே சிரிக்க வைக்கிற மனிதர், அந்த மாசியில் நாலு நாளாகச் சிரிக்கவில்லை. யானைக்கொட்டில் தலைவன் மாசிலாமணிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். மாசிலாமணியும் நாவுடையானும் ஒரே இலையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்த மாசிலாமணியின் கல்யாண ஓலை நாவுடையான் வீட்டுக்கு வரவில்லை.

விஷயம் தெரிந்தது நாவிதர் மூலம். தாடையில் கத்தியை வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்கு என்ன வேட்டி சாமி?" என்று கேட்டார் அவர். "பட்டுதான்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னார் நாவுடையான். அன்றிலிருந்து தெருவில் எவரைப் பார்த்தாலும் இதே கேள்வி. எதிர்வீட்டு வாசலில் மஞ்சள் தடவிய ஓலை தொங்கியது. கோடிவீட்டில் தொங்கியது. மாசிலாமணியோடு வாய்க்கால் தகராறில் கைகலந்தவன் வீட்டில்கூடத் தொங்கியது.

முதல் நாள், கடைசியில்தான் நெருங்கியவர்களை அழைப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார். இரண்டாம் நாள், ஓலை கொண்டு வந்தவன் வீடு தெரியாமல் திரும்பியிருப்பான் என்றார். மூன்றாம் நாள் சொல்ல ஒன்றும் இல்லாமல், குழம்பில் உப்பில்லை என்று மனைவி உலகம்மை மேல் எரிந்து விழுந்தார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு. அவர்கிட்டயே போய் ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் உலகம்மை.

"கேட்டா, சோத்துக்கு அலையறான்னு நினைக்க மாட்டானா? எனக்கென்ன, நான் கவலையே படலை!"

கவலைப்படாத மனிதர் அன்று மூன்று முறை யானைக்கொட்டில் பக்கம் போய் மூன்று முறையும் பாதியில் திரும்பினார்.

மறுநாள் சபையில் ராஜா, "நாவுடையாரே, நாளை பந்தியில் நீர் எம் பக்கத்து இலையில் அமர வேண்டும். உம் பேச்சு இல்லாமல் எமக்குச் சோறு இறங்காது" என்றார்.

இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார் அரண்மனைக் காரியக்காரர் சபாநாயகம். மணப்பெண்ணுக்குத் தாய்மாமன். நாவுடையானைக் கண்டால் அவருக்கு வயிற்றெரிச்சல். ஆனால் வாயில் மட்டும் தேன் சொட்டும். "மன்னிக்க வேண்டும் மகாராஜா. என் அருமை நண்பர் நாவுடையான் அழைக்கப்படவில்லை. சட்டம் இருக்கிறதே என்று, நண்பரின் மீசைக்காகத்தான் கவலைப்படுகிறேன்."

சபையில் சிரிப்பொலி கிளம்பியது. மாசிலாமணி தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ராஜாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்ன தொல்லை இது! நீர் வர வேண்டும் என்பதும் எம் ஆணை. அழைப்பில்லாதவர் வரக்கூடாது என்பதும் எம் ஆணை. இரண்டையும் நிறைவேற்றும். உமக்காக ஓலை கேட்டு வாங்கித் தருவது எம் வேலை அல்ல."

அன்று மாலை நாவுடையான் நேரே யானைக்கொட்டிலுக்குப் போனார். மாசிலாமணி கவளம் உருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா, ஓலையைக் காணோம்?"

"உனக்குமா ஓலை வைக்கணும்? நீ வீட்டு மனுஷன்."

நாவுடையானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீட்டு மனுஷனுக்கு ஓலை வேண்டாம், ஒத்துக்கறேன். ஆனா வேலை சொல்லுவாங்களே! பந்தக்கால் நட்டப்போ என்னைக் கூப்பிட்டியா? வாழைமரம் கட்ட, காய் நறுக்க, சம்பந்தியை எதிர்கொள்ள, எதுக்குக் கூப்பிட்டே? விருந்தாளியும் இல்லே, வேலைக்காரனும் இல்லேன்னா நான் யாருடா உனக்கு?"

மாசிலாமணியின் கையில் கவளம் உதிர்ந்தது. "சபாநாயகம் நிபந்தனை போட்டுட்டார். நீ பந்தல்ல கால் வெச்சா மாமன் மாலை போட மாட்டாராம். மாமன் மாலை போடாம பொண்ணு மணவறைக்கு வர மாட்டா. பொண்ணு வீட்ல அழுகை. நீ புரிஞ்சுப்பேன்னு நினைச்சேன்."

"புரிஞ்சுக்கணும்னா முதல்ல நீ சொல்லணும்! இதே விஷயத்தை அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, சரிடா, போய்த் தாலி கட்டிட்டு வான்னு வாழ்த்திட்டு வீட்ல நிம்மதியா மோர்சோறு சாப்பிட்டிருப்பேன். நாவிதர் வாயால கேட்டேன்டா. தெருவெல்லாம் பொய் சொல்லிட்டுத் திரியறேன். சாப்பாடு போனது வலிக்கலை. எங்கிட்டச் சொல்ல உனக்கு வாய் வரலையே, அதுதான் வலிக்குது."

மாசிலாமணி அடுத்த கவளத்தை உருட்ட ஆரம்பித்தான். யானை உதிர்ந்த கவளத்தைப் பொறுக்கித் தின்றது. நாவுடையான் வெறுத்துப்போய் வீட்டுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பந்தல் வாசலில் ராஜா வந்து இறங்கினார். ஒரு பக்கம் சட்டப்படி கத்தியோடு நாவிதர். இன்னொரு பக்கம் சந்தனக் கிண்ணத்தோடு சபாநாயகம். பட்டு வேட்டியில் வந்த நாவுடையான் பந்தலுக்கு வெளியே நின்றார்.

"காரியக்காரரே, உங்களுக்கு வந்த ஓலையைக் கொஞ்சம் வாசியுங்கள்."

ராஜா தலையசைக்கவே, சபாநாயகம் மடியிலிருந்து எடுத்து வாசித்தார். "தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்து மணமக்களை வாழ்த்த வேண்டும்..."

"நிறுத்துங்கள். நேற்று நிறைந்த சபையில், மகாராஜாவின் முன்னால், என்னை அருமை நண்பர் என்றீர்கள். உங்கள் நட்பு நான்தானே? என்னை அழைத்து வராவிட்டால் உங்களுக்கு வைத்த அழைப்பே பாதியாகிவிடுமே! இல்லை, நான் நண்பன் இல்லை என்றால், மகாராஜாவிடம் பொய் சொன்னதாக ஆகும். நாவிதரும் தயாராக இருக்கிறார். எப்படி வசதி?"

சபாநாயகம் நாவிதரைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். தன்னையறியாமல் மீசையைத் தடவினார். "நண்பர்தான்" என்று முனகினார்.

"அப்படியானால் நண்பரை நீரே கைபிடித்து அழைத்து வாரும். அப்புறம் போய் மாமன் மாலையைப் போடும்!" என்று ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஆனால் நாவுடையான் அசையவில்லை. "மகாராஜா, சட்டம் என்னை உள்ளே விட்டுவிட்டது. மனசுதான் விடவில்லை. என் சிநேகிதன் கல்யாணத்துக்கு இன்னொருவரின் சிநேகிதனாக நான் எப்படி வருவேன்?" விகடகவி இப்படிப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

மணவறையில் சலசலப்பு. பெண் வீட்டார் "ஐயையோ, மாப்பிள்ளை எழுந்துக்கக் கூடாது" என்று கத்தக் கத்த, மாசிலாமணி மாலையும் கழுத்துமாக வாசலுக்கு ஓடிவந்தான்.

"தப்பு பண்ணிட்டேன்டா. அவரை எதிர்த்துப் பேசப் பயம். உன் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம். நீ உள்ளே வராம நான் தாலி கட்ட மாட்டேன். வா."

"இதைச் சொல்ல நாலு நாளாடா உனக்கு?" என்று சீறிக்கொண்டே நாவுடையான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

பந்தியில் ராஜாவுக்கு இரண்டு முறை பாயசம் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் முத்துமாலையைக் கழற்றினார். "இரண்டு ஆணையையும் காப்பாற்றினீர். இதோடு வேறென்ன வேண்டும், கேளும்."

"மகாராஜா, மாசிலாமணியை மன்னித்துவிட்டேன். ஆனால் மறக்கப் போவதில்லை. பொங்கல், தீபாவளி, அவன் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாள் என்று ஒவ்வொரு விசேஷத்திலும் இதைச் சொல்லிக் காட்ட எனக்கு ஆயுள் முழுக்க உரிமை வேண்டும். அவன் குறுக்கே பேசக் கூடாது."

ராஜாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "தந்தோம்!"

புது மனைவியோடு காலில் விழ வந்த மாசிலாமணி, "மகாராஜா, ஆயுள் தண்டனையா?" என்றான்.

"பாரு, இப்பவே குறுக்கே பேசறான்" என்றார் நாவுடையான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.