இரண்டு ஓலை, ஒரு மதகு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைநாட்டை மகரவேலன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனிடம் அமைச்சராக இருப்பதைவிட அடங்காத குதிரைக்குக் கடிவாளம் போடுவது சுலபம் என்று அமைச்சர் செங்கோடருக்குத் தோன்றாத நாளில்லை.

அந்த நாட்டில் ஓர் ஏரி. மேற்கே கோவைமடை, கிழக்கே ஆலமடை என்று இரண்டு ஊர்கள். இருப்பதோ ஒரே மதகு. தண்ணீர் யாருக்கு முதலில் என்று பதினோரு வருஷமாகச் சண்டை. ஒரு கைகலப்பில் ஆலமடைத் தலைவி சடைச்சியின் தம்பிக்குக் கை முறிந்தது. கோவைமடைத் தலைவர் கொம்பையாவின் வைக்கோல்போர் இரண்டு தடவை எரிந்தது.

செங்கோடர் நாற்பது நாள் இரண்டு ஊருக்கும் நடையாய் நடந்தார். தலைவர்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் பேசும்போது மற்றவரைக் குறுக்கே பேசவிடாமல், இருவரும் அழுது, திட்டி, ஓயும்வரை கேட்டார். கடைசியில் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நாளில் நடாவிட்டால் இரண்டு ஊரிலும் அந்த வருஷம் அடுப்பு எரியாது.

கையெழுத்துப் போடும் நாள் வந்தது. தலைவர்கள் இருவரும் அரசவைக்கு வந்திருந்தார்கள். அவைப்புலவர் சொல்லழகராயருக்கு வயிறு எரிந்தது.

"மன்னா! ஊர் ஊராய்ப் போய்ப் பேசியது அமைச்சர். போகட்டும். முடிவுரை என்பது கவிஞன் வேலையல்லவா? அதை அடியேனுக்குக் கொடுங்கள்" என்றார்.

மன்னனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "சரி! உம் பேச்சைக் கேட்டு அவர்கள் கையெழுத்திட்டால் அமைச்சர் முத்திரை உமக்கு. செங்கோடரே, என்ன சொல்கிறீர்?"

"முத்திரை போனால் போகட்டும் மன்னா. நாற்று போகாமல் இருந்தால் சரி" என்றார் செங்கோடர்.

புலவர் பொற்சரிகை சுற்றிய ஒற்றை ஓலையை விரித்து, தொண்டையைச் செருமினார். "வெற்றி வேந்தர் மகரவேலர் வாழ்க! அவர் கருணையால் கொம்பையா பெருந்தன்மையோடு ஆலமடைக்கு நீர் தருகிறார்! பழையதையெல்லாம் இக்கணமே மறந்துவிடுங்கள்! இனி என்றென்றும் சண்டை வராது! கொம்பையா, முதலில் நீர் வந்து கையெழுத்திடும்!"

சடைச்சி எழுத்தாணியைத் தள்ளிவிட்டாள். "தர்றாராமில்ல, தர்றாரு! அவரு அப்பன் வெட்டின ஏரியா? எந்தம்பி கை இன்னும் மடங்கல. மறந்துரணுமாம்! அவரு பேருக்குக் கீழ எம் பேரா? நான் போடமாட்டேன்."

"நானும் போடமாட்டேன்" என்று எழுந்தார் கொம்பையா. "பெருந்தன்மைன்னு எழுதிட்டா, நாளைக்கி ஊருக்குள்ள என்னை ஏமாளின்னு சிரிப்பாங்க."

நாற்பது நாள் உழைப்பு நாலு வரியில் நாசம். மன்னன் முகம் சிவந்தது. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "செங்கோடரே, நான் இதை மென்று முடிப்பதற்குள் அவர்களைக் கையெழுத்திட வையும். இல்லையென்றால் இரண்டு தலைவர்களுக்கும் சிறை!" என்றான்.

செங்கோடர் அவசரப்படவில்லை. "மன்னா, மிரட்டி வாங்கும் கையெழுத்து மதகுவரைகூடப் போய்ச் சேராது. விருப்பமில்லாவிட்டால் அவர்கள் எந்தத் தண்டனையும் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம் என்று முதலில் வாக்குக் கொடுங்கள்."

மன்னன் மெல்லுவதை நிறுத்தினான். அப்புறம் முறைப்போடு, "கொடுத்தேன்" என்றான்.

செங்கோடர் இருவர் பக்கமும் திரும்பினார். "கொம்பையா, ஆலமடைக்கு என்ன கிடைக்கிறது? உம் வாயால் சொல்லும்."

கொம்பையா தயங்கி, "வாரத்துல மூணு நாள் தண்ணி. மதகு திறக்கிறப்ப அவுக ஆளும் நிக்கணும். அவுக தம்பி வைத்தியத்துக்கு எங்க ஊரு பொறுப்பு" என்றார்.

"சடைச்சி, கோவைமடைக்கு?"

"அவுகளுக்கும் மூணு நாளு. ஏழாம் நாளு ரெண்டு ஊரு மாட்டுக்கும். எரிஞ்ச வைக்கோலுக்கு ஈடா நாங்க வைக்கோல் தரணும். கோடையில ரெண்டு ஊரும் சேந்து தூரு வாரணும்." சொல்லச் சொல்ல அவள் குரல் தணிந்தது.

"ஒருவர் சொன்னதில் மற்றவருக்கு மறுப்பு உண்டா?" இருவரும் இல்லையென்று தலையசைத்தார்கள்.

"அப்படியானால் கேளுங்கள். இங்கே யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. இதைச் செய்தது மன்னரும் அல்ல, நானும் அல்ல. நான் அந்த ஏரியில் ஒரு வாய் குடித்ததில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தது நீங்கள்தான். பழையதை மறக்கச் சொல்லமாட்டேன், மறக்கவும் முடியாது. இனிச் சண்டையே வராது என்றும் சொல்லமாட்டேன். ஒரு வருஷம் மழை பொய்க்கும். அன்றைக்கு மண்வெட்டியைத் தூக்குமுன் ஊருக்கு மூன்று பேர் மதகடியில் உட்காருங்கள். மூன்று நாளில் தீராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். அறுப்பு முடிந்ததும் எப்படியும் ஒருமுறை கூடி, எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று பாருங்கள். இவ்வளவுதான். மனம் ஒப்பினால் போடுங்கள்."

"கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. யார் பெயர் முதலில்?" என்று இளித்தார் சொல்லழகராயர்.

செங்கோடர் மடியிலிருந்து சாதாரணப் பனையோலை இரண்டை எடுத்தார். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகம். ஒன்றைக் கொம்பையாவிடமும் ஒன்றைச் சடைச்சியிடமும் நீட்டினார். "உம் ஓலையில் நீர் முதலில். உன் ஓலையில் நீ முதலில் தாயே. பிறகு மாற்றிக்கொண்டு மற்றதிலும் போடுங்கள். ஊருக்கு ஒன்று."

இரண்டு எழுத்தாணியும் ஒரே நேரத்தில் கீறின. ஓலையை மாற்றிக்கொள்ளும்போது கொம்பையா, "கைய வெட்டிக்கிறாத தாயி, ஓரம் கூரா இருக்கு" என்றார். அவ்வளவுதான், அவையே ஆர்ப்பரித்தது! செங்கோடருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மன்னன் வெற்றிலையை விழுங்கியே விட்டான். "உம் பேச்சில் என் புகழ் ஒரு வரிகூட இல்லையே செங்கோடரே!"

"இருந்திருந்தால் அவர்கள் கையெழுத்து இருந்திருக்காது மன்னா."

மன்னன் வாய்விட்டுச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடருக்குப் போட்டான். "புலவரே, இந்தக் கோடையில் ஏரியில் தூர் வாரும்போது நீரும் கூடை சுமக்க வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக்கூடாது!"

அன்று பொழுது சாய்வதற்குள் சடைச்சியும் கொம்பையாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று மதகுப்பலகையைத் தூக்கினார்கள். பதினோரு வருஷத்தில் முதல்தடவையாக, தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் நாற்று நட்டார்கள், நாம் கதை கேட்டோம்.