செப்பேட்டில் ஏறாத 'அங்கா'

முன்னொரு காலத்தில், ஆறும் யானையும் நிறைந்த மஞ்சனூர் நாட்டைப் பரிவல்லபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காதில் விழுகிற பேச்சு புரியாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் அவைப்புலவர் மகிழ்மாறர் நெடுநேரம் பாட்டுப் படித்தார். சபை கலைந்ததும், இளவரசன் தன் தோழனிடம், "இன்னைக்கு அப்பா அங்காடா!" என்று சொல்லிச் சிரித்தது ராஜா காதில் விழுந்துவிட்டது.

"அங்காவா? அப்படியென்றால் என்ன?"

மகிழ்மாறர் முந்திக்கொண்டார். "அங்காத்தல் என்றால் வாய் பிளத்தல், அரசே. தாங்கள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தீர்கள் என்று கேலி!"

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சொல்லை யார் உண்டாக்கியது என்று விசாரித்தார்கள். காளத்தி என்கிற இளம் யானைப்பாகன் பிடிபட்டான்.

அவன் கைகூப்பி, "மகாராஜா, எங்க அங்கயற்கண்ணி யானை ஆத்துல படுத்தா, யார் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காது. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவனை 'அங்கயற்கண்ணி போட்டுட்டான்'னு சொன்னேன். பசங்க சுருக்கி அங்கான்னுட்டாங்க. அவ்வளவுதான்" என்றான்.

"இவனை நாடு கடத்துங்கள்!" என்றார் ராஜா.

பையன் அழுதது ஊரைவிட்டுப் போவதற்காக இல்லை. அந்த யானை அவன் கையால் தந்தால்தான் கவளம் வாங்கும்.

மந்திரி திருமேனி எழுந்தார். "அரசே, சொல்லுக்குப் பொருள் நிச்சயமாகாமல் தண்டனை எப்படி?"

மகிழ்மாறருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "தைப்பூசத்துக்குள் அதன் பொருளைச் செப்பேட்டில் வெட்டித் தருகிறேன். பிறகு இவரும் பேச முடியாது!"

"அன்றைக்கு அந்தப் பொருள் நாட்டில் நின்றால், காளத்தியோடு நானும் போகிறேன். நிற்காவிட்டால் அவனை விட்டுவிட வேண்டும்" என்றார் மந்திரி. ராஜா ஒப்புக்கொண்டார்.

புலவர் காவலரோடு கிளம்பினார். ஆற்றங்கரை யானைத்துறையில், "சோம்பேறித்தனம்" என்றார்கள். அங்கே புல்லுக்கட்டு கொண்டுவரும் பெண்கள் அந்தச் சொல்லைச் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சந்தையிலோ, "யார் திட்டினாலும் அசையாம இருக்கிறது, சாமி." அரண்மனைத் தாதிகளிடம் வந்தபோது, "அலட்டிக்காத மிடுக்கு!" எழுத்தாணியைக் கண்டால் பாதிப் பேர், "எங்களுக்குத் தெரியாதுங்க ஐயா" என்று நழுவினார்கள். அடுத்த வாரம் போனால் முதலில் சொன்னவர்களே வேறு சொன்னார்கள். புலவர் வெட்டச் சொல்வார், அழிக்கச் சொல்வார், மறுபடி வெட்டச் சொல்வார். செப்பேடு வெட்டும் கன்னான்தான் பாவம்.

இதற்கிடையில் மந்திரி ராஜாவின் காதில், "அந்தச் சொல்லுக்கு இப்போது மிடுக்கு என்று பொருளாம், தாங்களே சபையில் சொல்லிப் பாருங்களேன்" என்றார்.

மறுநாள் ராஜா மீசையை முறுக்கி, "இன்று நாம் சற்றே அங்கா!" என்றார். உடனே தளபதி அங்கா, பொக்கிஷதார் அங்கா, பல்லில்லாத ராஜகுருவும் அங்கா. புலவரே அதை வைத்து ஒரு வெண்பா கட்டிவிட்டார். வாத்தியார்கள் அதைப் பிள்ளைகளை மனப்பாடம் பண்ணவைத்தார்கள். பிள்ளைகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

தைப்பூசம் வந்தது. முருகனைக் கும்பிட்ட கையோடு சனமெல்லாம் சபையில் கூடிற்று. புலவர் பட்டுத்துணியை விலக்கிப் படித்தார்: "அங்கா: அசையாத மிடுக்கு!"

பின்வரிசையில் இளசுகள் குபீரென்று சிரித்துவிட்டார்கள்.

"என்னடா சிரிப்பு?" என்றார் ராஜா.

இளவரசன் நெளிந்தான். "அப்பா... அதை இப்ப யாரும் சொல்றதில்லை. சொன்னா, வயசானவங்க சின்னப்பிள்ளை மாதிரி காட்டிக்கிறாங்கன்னு அர்த்தம்."

"பின் என்ன சொல்கிறீர்கள்?"

"அதைச் சொன்னா நாளைக்குத் தளபதியும் சொல்லுவாரே!"

புலவர் செப்பேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியானால் நான் எழுதியது தப்பா?"

"தப்பில்லை, புலவரே. ஒரு மாதம் முந்தி, சந்தைக்கும் அரண்மனைக்கும் நடுவில் அது சரி" என்றார் மந்திரி. "இளசுகள் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளப் பேசுகிற பேச்சு இது. நாம் கற்றுக்கொண்டதும் அவர்களுக்கு ஒட்டாது, விட்டுவிடுவார்கள். எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. யார், எங்கே, எப்போது சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் வருகிறவர்களுக்கு இடம் விட்டு வையுங்கள்."

ராஜா மெல்லக் கேட்டார், "அன்றைக்கு என்னைச் சொன்னது?"

"அவ்வளவு நீளப் பாட்டுக்கும் அசையாம உட்கார்ந்திருந்தீங்களேப்பா! பெருமையாத்தான் சொன்னேன்" என்றான் மகன்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். காளத்தியை விடுவித்து யானைத்துறைக்கே தலைவனாக்கினார். மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டார். புலவரிடம், "நாளைமுதல் காலையில் ஆற்றுக்குப் போம். கேள்வி கேட்காதீர், யானையைத் தேய்த்துவிடும்" என்றார்.

முதல் நாள் அவரைக் கண்டதும் துறையே ஊமையாகிவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டித் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பங்குனி வெயில் ஏறிய ஒரு காலை, பக்கத்தில் நின்ற பையன் அவர் இருப்பதையே மறந்து, கூட்டாளியிடம் ஏதோ ஒரு புதுச்சொல்லைச் சொல்லிச் சிரித்தான்.

புலவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சொல் என்று ராஜா எத்தனையோ முறை கேட்டும், மனுஷர் வாயே திறக்கவில்லை.