அர்த்தநாரியோடு ஒரு சண்டை

"அம்மா, அர்த்தநாரி ஏனுங்க இப்படி ஆயிட்டான்?"

நாச்சிமுத்து இதைக் கேட்டபோது பூவாயம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?"

"என்கூடப் பேசறதில்லீங்க."

"சண்டையா?"

"இல்லீங்க."

"பொண்ணு குடுத்து எடுத்ததுல ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லீங்க. பேசமாட்டான்னும் சொல்ல முடியாது. கூப்பிட்டாப் பேசுவான்."

"அப்பக் கூப்பிட வேண்டியதுதானுங்கண்ணா."

"அவன் கூப்பிடட்டும்னு இருக்கறனுங்க."

"எப்பருந்து?"

நாச்சிமுத்து யோசித்தார். "என்ற பேத்தி தொட்டில்ல கெடந்தப்பருந்துங்க."

"பேத்தி இப்ப?"

"ரெட்டை ஜடை போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போறாளுங்க."

பூவாயம்மா அடுத்த புளியை எடுத்தார்.

அம்மா என்றால் வயதான அம்மா என்று நினைத்துவிட வேண்டாம். நாச்சிமுத்துவைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை அண்ணா என்பார். பவானி ஆற்றங்கரையில் பூவாயம்மா நடத்திவந்த சின்ன மடத்தில் உறவு முறை பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. கடையை மகனிடம் ஒப்படைத்த மறுவாரமே நாச்சிமுத்து ஞானம் வேண்டும் என்று இங்கே வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து ஞானத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அர்த்தநாரியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் இவருக்கு சைக்கிள் கடை. ஒட்டினாற்போல் அர்த்தநாரிக்கு மோட்டார் பம்ப் கடை. முப்பது வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள். பேப்பரை யார் முதலில் பிரிப்பது என்று தினமும் சண்டை. ஒருநாள் சண்டையில் பேப்பரே இரண்டாகக் கிழிந்து, ஆளுக்குப் பாதி படித்தார்கள்.

பிறகு அர்த்தநாரியின் மகன் குமாரபாளையத்தில் வீடு கட்டினான். குமாரபாளையம் ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

அங்கே குடிபோன அர்த்தநாரி முதலில் வாரம் தவறாமல் வந்தான். அப்புறம், வந்தால் பார்ப்பான். போனில் ஆரம்பத்தில் ஒன்றுமே இல்லாததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு விஷயம் இருந்தால் பேசினார்கள். பிறகு, போன் வந்தாலே "என்ன விஷயம்?" என்று கேட்கும்படி ஆயிற்று. விஷயம் இல்லாமல் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. கடைசியில் தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம் வந்தது. பொங்கலுக்கு இவர் ஒரு கரும்புப் படம் அனுப்பினார். கரும்புக்குப் பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது.

அங்கேதான் நாச்சிமுத்து பரீட்சை வைத்தார். அவனாகக் கூப்பிடுகிறானா பார்க்கலாம். அந்தப் பக்கம் அர்த்தநாரியும் அதே பரீட்சையைத்தான் வைத்திருந்தான் என்பது இவருக்குத் தெரியாது. இரண்டு வாத்தியார்கள். பரீட்சை எழுதத்தான் ஆளில்லை.

"போன வாரம் முடி வெட்டப் போனனுங்க. அங்க பேசிக்கறாங்க, அர்த்தநாரிக்குக் கண் ஆபரேசன் ஆச்சுன்னு. எனக்குத் தெரியலீங்கம்மா. ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல."

"கோவம் வந்துச்சா?"

"வரலீங்க. அதுதானுங்க பயமா இருக்குது."

பூவாயம்மா முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். "என்ன வேணுமுங்கண்ணா உங்களுக்கு?"

"காரணம் வேணுமுங்க. என்ன தப்புப் பண்ணுனேன்னு தெரிஞ்சாத் தூக்கமாவது வரும்."

"அப்பக் கொண்டு வாங்க."

மறுநாள் நாச்சிமுத்து ஒரு காரணத்தோடு வந்தார்.

"அவன் வீடு பால் காய்ச்சுறப்ப நான் சாப்பிடாம வந்துட்டனுங்க. வயிறு சரியில்ல. அதை மனசுல வெச்சுட்டான்."

"இதுக்கு ஒரு வாரம் மொகத்தத் தூக்கி வெச்சுக்கலாம். அதுக்கு மேல தாங்காது. வேற?"

அடுத்த நாள், அர்த்தநாரி தலைக்குச் சாயம் அடித்ததைக் கடைத்தெருவில் வைத்துக் கிண்டல் செய்தது.

"அது மூணு நாள். வேற?"

அடுத்த நாள் அர்த்தநாரி சொன்ன ஒரு ஜோக்குக்குச் சிரிக்காமல் இருந்தது.

"நல்ல ஜோக்கா?"

"இல்லீங்க."

"வேற?"

தன் தப்பெல்லாம் தீர்ந்துபோய், அவன் தப்புகளைக் கொண்டுவர ஆரம்பித்தார். அதுவும் தீர்ந்தது. பிறகு அர்த்தநாரியின் மருமகளுடைய தப்புகள். மடத்துச் சமையல்காரி தங்காயிக்கு அர்த்தநாரி குடும்பமே அத்துப்படி ஆகிவிட்டது. "அந்த மருமவ நல்ல புள்ளைன்னுதான் எனக்குப் படுது" என்று இடையில் ஒரு தீர்ப்பும் சொன்னாள்.

ஒரு நாள் நாச்சிமுத்து வெறும் கையோடு வந்து நின்றார்.

"ஒண்ணும் இல்லீங்கம்மா. எல்லாத்தையும் தேடிட்டேன்."

"அப்ப ஒரு வேல செய்யுங்க. நேராப் போயி அவர்கிட்டச் சண்டை போட்டுட்டு வாங்க."

"எதைப் பத்திங்க?"

"அது உங்க சாமர்த்தியம்."

நாச்சிமுத்துவுக்கு ஒரேயடியாக உற்சாகம் வந்துவிட்டது. சலவை வேட்டி கட்டினார். டவுன் பஸ்ஸில் போகும்போதே ஒத்திகை பார்த்தார். "ஏன்டா, மனுசனாடா நீ?" என்று அவர் சற்று உரக்கச் சொல்லிவிட, பக்கத்தில் இருந்தவர் கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

அர்த்தநாரியே வந்து கதவைத் திறந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"அட, வாங்க வாங்க! உக்காருங்க."

வாடா என்று ஒருவன் கூப்பிட்டிருந்தால் அங்கேயே சண்டையைத் தொடங்கியிருக்கலாம். 'வாங்க' என்றவரை எப்படி மனுசனாடா என்று கேட்பது? நாச்சிமுத்து உட்கார்ந்தார்.

அர்த்தநாரியின் மனைவி எட்டிப் பார்த்தார். "காப்பிக்குச் சக்கரை போடலாமுங்களா?"

முப்பது வருஷம் அரைச் சர்க்கரை. நாச்சிமுத்துவை அந்த வீட்டில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"போடுங்க" என்றார். பிறகு ஒரு முடிவோடு ஆரம்பித்தார். "உனக்கு என்மேல என்ன கோவம்? பால் காய்ச்சுறப்ப சாப்பிடாமப் போனதுக்குத்தான?"

"நீங்க சாப்பிட்டீங்களே. எலைல மைசூர்பாகு மிச்சம் வெச்சதுகூட ஞாபகம் இருக்குது."

"அது நானில்லப்பா."

"அப்படீங்களா?" என்றார் அர்த்தநாரி. "உங்களுக்குத்தான் என்மேல கோவம்னு நெனச்சுட்டு இருக்கேன். உங்க புள்ள கல்யாணத்துல கடைசிப் பந்தி வரைக்கும் நிக்காம வந்துட்டேன். ரொம்ப நாளா உறுத்தல்."

"நீ நிக்கலியா? நின்னதாத்தான எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கறேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக ஆளுக்கு ஒரு குற்றத்தைச் சுமந்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட ஆசாமிக்கோ தகவலே தெரியாது.

நாச்சிமுத்து விடவில்லை. "நீ போன் பண்ணவே இல்ல. அது உன்ற தப்பு."

"தப்புத்தானுங்க."

"நானும் பண்ணல."

"பரவால்லீங்க."

எங்கே குத்தினாலும் மெத்தைபோல இறங்குகிறது. அந்தக் காலத்தில் பேப்பரைத் தொட்டாலே கையைத் தட்டிவிடுகிறவன். நாச்சிமுத்துவுக்கு இவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கடைசி அம்பாக, "என்ற ஏணிய வாங்கிட்டு வந்து திருப்பியே குடுக்கல!" என்றார்.

"ஐயோ, ஆமாங்க!"

அர்த்தநாரி கொல்லைக்கு ஓடினார். நல்ல மூங்கில் ஏணி. ஒட்டடையைத் தட்டி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, இவர் முன்னால் கொண்டுவந்து கிடத்தினார். சண்டைக்கு வந்தவரிடம் இப்போது ஓர் ஏணி மட்டும் மிச்சம்.

காப்பி குடித்தார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். முட்டிவலிக்கு எண்ணெய் நல்லதா மாத்திரை நல்லதா என்று பேசினார்கள். இரண்டும் நல்லதுதான் என்று முடிவாயிற்று. அப்புறம் சுவரில் இருந்த காலண்டரை இருவரும் கவனமாகப் பார்த்தார்கள்.

"அப்பக் கெளம்பறனுங்க" என்றார் நாச்சிமுத்து. தன் வாயில் 'ங்க' வந்ததை அவரே கேட்டார்.

ஏணியை எந்த பஸ்ஸிலும் ஏற்றவில்லை. "பாலம் வரைக்கும் நானும் ஒரு பக்கம் புடிக்கறேன்" என்று அர்த்தநாரி பின் முனையைத் தோளில் வைத்தார்.

முன்னால் நாச்சிமுத்து, பின்னால் அர்த்தநாரி, நடுவில் மூங்கில். முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவர் முகம் தெரியாது. பாலத்தில் லாரிச் சத்தம் வேறு. ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார்கள். எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் என்ன நினைத்தாரோ, இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

நடுப்பாலத்தில் அர்த்தநாரிக்கு முட்டி வலித்தது.

"அடிக்கடி வாங்க" என்றார்.

"நீங்களும் வாங்க" என்றார் நாச்சிமுத்து.

அர்த்தநாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபரேசன் செய்த கண்ணில் தண்ணீர் வருவது சகஜம். திரும்பி நடந்தார்.

நாச்சிமுத்து ஏணியோடு மடத்துக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பூவாயம்மா வாசலில் நின்றார். ஏணியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள வராதீங்கண்ணா. ஆத்துல தலைக்குத் தண்ணி வாத்துட்டு வாங்க."

"எதுக்குங்க? நான் காப்பி குடிச்சுட்டுத்தான வாரேன்?"

பூவாயம்மா ஏணியை வாங்கிச் சுவரில் சாத்தினார்.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார் நாச்சிமுத்து. கூடத்தில் பாய் விரித்திருந்தது. மடத்து ஆட்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை, தங்காயி உட்பட. அவரைப் பாயில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து இரண்டு கையையும் நீட்டி, அவர் கையில் வைத்து எடுத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாகப் பூவாயம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார். இழவு விசாரிக்கவென்று எல்லாரும் வைத்திருக்கிற குரலில், மெதுவாகக் கேட்டார்.

"நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு. எப்படி ஆச்சு?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். "அந்தப் பால் காய்ச்சுறப்ப..." என்று தொடங்கி நிறுத்தினார். 

"நோவுன்னு ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றார். "வயசாயிருச்சு. தூக்கத்துலயே போயிருச்சு. ஒருத்தரையும் தொந்தரவு பண்ணலீங்க."

சொல்லி முடித்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.