இரங்கல் கூட்டமும் ஓட்டைக் கிண்ணமும்

ஆலமுற்றம் என்றொரு நாடு ஒரு காலத்தில் இருந்தது. அதைக் குமரமழவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் அவருக்கு ஞாபகம் இருக்காது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கூட இருந்தவர்கள் பேசிய பேச்சு அப்படி.

முன்பு அந்த நாட்டுச் சேனாதிபதி இறந்தபோது அரண்மனையில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். யார் முதலில் பேசுவது என்று பதினேழு பேர் முட்டி மோதினார்கள். ஒருவர் தன் வம்சப் பெருமையைச் சொன்னார். இன்னொருவர் தன் முழங்கால் வலியைச் சொன்னார். அரண்மனை அதிகாரி பூவலூரார் காலையில் பேச எழுந்தவர் சாயங்காலம்தான் உட்கார்ந்தார். ஒரே கைதட்டல். ராஜா குழம்பிப்போய், சேனாதிபதியின் வாளுக்குப் போடவேண்டிய மாலையைப் பூவலூரார் கழுத்தில் போட்டு, "உங்கள் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று கும்பிட்டுவிட்டார். சேனாதிபதியின் மனைவிக்குப் பேச முறை வரவேயில்லை, பாவம்.

இப்போது பெரிய ஏரியின் காவலர் மாசாணம் காய்ச்சலில் இறந்துபோனார். ராஜா அமைச்சர் இளநாகரைக் கூப்பிட்டு, "இந்த முறை கூட்டத்துக்கு நீர்தான் தலைவர்" என்றார்.

பூவலூராருக்கு வயிறு எரிந்தது. "மகாராஜா, மறுபடியும் தாங்கள் குழம்பினால்?"

"குழம்பினால் அமைச்சர் தன் பதவிக்கான முத்திரை மோதிரத்தை உம்மிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும்!"

அன்றே இளநாகர் மாசாணத்தின் மனைவி காத்தாயியைப் பார்க்கப் போனார். "அம்மா, யார் யார் பேசினால் உங்களுக்கு ஆறுதல்? நீங்கள் பேசுகிறீர்களா? விருப்பமில்லையென்றால் வற்புறுத்தமாட்டேன்."

"பேசணும் சாமி. அந்த மனுசன் கடைசியா ராசாகிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. முதல்லயே சொல்லிப்புடறேன். நேரம் போனா தொண்டை அடைச்சுக்கும்."

"அவரோடு வேலை செய்தவர்கள்?"

"மதகு திறக்கிற சின்னாண்டி. வயக்காட்டு ராக்கன். அவ்வளவுதான் சாமி."

கூட்ட நாள் வந்தது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மாசாணத்தின் மண்வெட்டிக்கு மாலை போட்டு நடுவில் வைத்திருந்தார்கள். பூவலூராரும் அவர் ஆட்களும் தங்களுக்குள் கிசுகிசுவென்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளநாகர் எழுந்தார்.

"மகாராஜா, காத்தாயி அம்மா, அவையோரே! பெரிய ஏரியை முப்பது வருஷம் காத்த மாசாணம் போன வெள்ளிக்கிழமை விடியலில் காலமானார். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. அவரை நினைக்கத்தான் கூடியிருக்கிறோம், நம்மைப் பற்றிச் சொல்ல அல்ல. இங்கே பதவி வரிசை கிடையாது. அவரை யார் கடைசியாகப் பார்த்தார்களோ அவர்தான் முதலில் பேசுவார். அதற்கு முன்னால் பார்த்தவர் அடுத்து. ஒருவர் ஒரே ஒரு நினைவைச் சொன்னால் போதும். முன்னால் பேசியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டாம். இந்தச் செம்புக் கிண்ணத்தின் அடியில் ஊசித் துளை இருக்கிறது. இந்த அண்டாத் தண்ணீரில் விட்டால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் மூழ்கிவிடும். மூழ்கியதும் மணி அடிப்பேன், எடுத்த வாக்கியத்தை முடித்து அமரலாம். கைதட்ட வேண்டாம். யாருக்காவது அழுகை வந்தால் காத்திருப்போம், அந்த நேரம் கணக்கில் வராது. கடைசியில் எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்போம். இப்போது பேச விரும்புகிறவர்கள் அவரை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்."

கடைசியாகப் பார்த்தவர் முதலில் என்பது மட்டும் பூவலூரார் கூட்டத்தின் காதில் விழுந்தது. ஒரு பிரபு துள்ளி எழுந்தார். "நான் முந்தாநாள் பார்த்தேன்!"

"நான் நேற்று!" என்றார் இன்னொருவர்.

பூவலூரார் விடுவாரா? "இன்று காலை! ஏரிக்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'பூவலூராரே, உங்களைப் போல உண்டா' என்றார்!"

ராஜாவுக்குத் தலை சுற்றியது. மண்வெட்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். "இன்று காலை கூடவா? அப்படியானால் ஆள் நன்றாக இருக்கிறாரா? பின்னே எதற்கு மாலை? இறந்தது யார்? இளநாகரே, நான் மறுபடியும் குழம்பிவிட்டேனா?"

பூவலூரார் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்கள் குழம்பவில்லை மகாராஜா. இவர்களுக்கு நான் சொன்ன கிழமை காதில் விழவில்லை" என்றார் இளநாகர். "காத்தாயி அம்மா, நீங்கள்?"

"வெள்ளிக்கெழம விடியல்ல, மகாராசா. என் மடியிலதான் தலை இருந்திச்சு."

எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பூவலூரார் தூணுக்குப் பின்னால் போனார். இளநாகர் கிண்ணத்தைத் தண்ணீரில் விட்டார்.

"மூணாம் மதகுக்கு அடியில தண்ணி கசியுது, மழைக்கு முன்னால அடைக்கணும்னு ராசாகிட்ட சொல்லுன்னாரு. அதைச் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு." காத்தாயி அழுதாள். இளநாகர் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதான் மகாராசா" என்றாள்.

அடுத்து சின்னாண்டி, போன மழையில் மாசாணம் கரை உடைப்பில் விடிய விடிய இடுப்பளவு தண்ணீரில் நின்றதைச் சொன்னான். ராக்கன் கடைமடை வயலுக்கும் அவர் தண்ணீர் விட்டதைச் சொன்னான். இரண்டு முறை மணி அடித்தது. எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள்.

பிறகு இளநாகர் ராஜாவைப் பார்த்தார். "தாங்கள்?"

"நான் அவரைப் பார்த்ததே இல்லை. உமது வரிசைப்படி கடைசி ஆள் நான்தான்." ராஜா நடுவே வந்து அந்த மண்வெட்டியைக் கையில் எடுத்தார். "மோதிரம் உம்மிடமே இருக்கட்டும், இளநாகரே. பூவலூராரே, இன்று காலை ஏரிக்கரையில் அவரைப் பார்த்தீர் அல்லவா? வழி உமக்குத்தான் தெரியும், முன்னால் நடவும். மண் சுமக்க ஆள் வேண்டும்."

மழை பிடிப்பதற்குள் பூவலூரார் அறுபது கூடை மண் சுமந்தார் என்பார்கள். கசிவை அடைப்பதற்கு முன் ராஜா மூன்றாம் மதகின் அடியில் குனிந்து கையை வைத்தார். தண்ணீர் விரலிடுக்கில் பீய்ச்சியது. ஊரே அவருக்குப் பின்னால் தாழ்வில் இருந்தது.

"இப்போதுதான் புரிகிறது, யார் இறந்தார் என்று" என்றார்.