பொழுது சாயும்போதே நாள் பிறப்பது ஏன்

அந்தக் காலத்தில் மான் பேசும், மனிதன் நின்று பதில் சொல்வான். சூரியன் தலைகாட்டினால்தான் நாள் பிறந்தது என்று ஊரெல்லாம் கணக்கு வைத்திருந்த காலம் அது. இதைப் பற்றி வேதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது வெறும் கதை.

மணல்காட்டின் ஓரத்தில் ஒரு கூடாரம் போட்டு ஆஸிமும் அவன் மனைவி ஸில்லாவும் இருந்தார்கள். மழை ஏமாற்றிவிட்ட வருஷம். ஸில்லாவுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வயிற்றுக்குச் சரியாக ஒன்றும் இல்லாததால் மார்பில் பால் வற்றிவிட்டது. பிள்ளை அழுது அழுது, அழுவதற்கும் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு கிடந்தது.

அப்போது மனிதர்களுக்கும் மிருகங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வருஷத்தில் ஒரு மாதம் அமைதி மாதம். அந்த மாதத்தின் முதல் நாள் பிறந்துவிட்டால் அம்பு கூடாது, வலை கூடாது, ஏற்கெனவே பிடித்து வைத்த உயிரையும் விட்டுவிட வேண்டும். மாதம் பிறப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? முந்தின மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் சூரியன் மறைந்ததும் மேற்கே பார்க்க வேண்டும். அடிவானத்துக்குச் சற்று மேலே நகக்கீறல் மாதிரி பிறை தெரிந்தால் புது மாதம். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் சேர்த்து முப்பதாக முடித்துக்கொள்வார்கள். பிறையும் அதிக நேரம் நிற்காது, சூரியன் பின்னாலேயே அதுவும் இறங்கிவிடும்.

அந்த இருபத்தொன்பதாம் நாள் பிற்பகலில்தான் ஆஸிமின் வலையில் ஒரு பெண்மான் விழுந்தது. கூடாரத்துக்குத் தூக்கி வந்து, கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான். தீட்டி முடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. மேற்கே பிறை தெரிந்தது.

"ஐயா, மாதம் பிறந்துடுச்சு. என்னை விட்டுடுங்க. பாறை இடுக்குல என் குட்டி காத்திருக்கு" என்றது மான்.

ஆஸிம் கெட்டவன் இல்லை, பசித்தவன். "மாதம் பிறந்திருக்கலாம். நாள் பிறக்கலையே. காலையில சூரியன் வந்தப்ப பிறந்த நாள் இது, பழைய மாதத்து நாள். நாளைக்கு விடிஞ்சாத்தான் முதல் நாள். அதுவரைக்கும் நீ என் வலைக்குச் சொந்தம்" என்றான்.

இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை, கேட்கிற நிலைமையும் வந்ததில்லை. மான் ஸில்லாவைப் பார்த்தது. "நீயே சொல்லும்மா. நீயும் பெத்தவ."

ஸில்லா மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். இறைச்சி வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை, சத்தியமாக வரவில்லை. ஆனாலும் யோசித்தாள்.

"என்னங்க, பிறை வந்தாச்சு, பழைய மாதம் போயாச்சு. இப்ப இந்த ராத்திரி எந்த மாதத்தோடது?"

"பழைய மாதத்தோடதுதான்."

"புதுப் பிறையைக் கண்ணால பார்த்துட்டு அதைப் பழைய மாதம்னு எப்படிச் சொல்றது? புது மாதத்தோட ராத்திரின்னா, அதோட முதல் நாள் இந்த ராத்திரியிலதானே தொடங்கணும்? நம்ம பிள்ளையும் ராத்திரிதான் பிறந்தான். விடியறவரைக்கும் இன்னும் பிறக்கலைன்னா சொன்னோம்?"

ஆஸிம் கத்தியைத் தாழ்த்தினான். ஸில்லா அவன் கையிலிருந்த கத்தியை வாங்கி வலையை அறுத்துவிட்டாள். அறுத்த பிறகுதான் அழுதாள்.

மான் உடனே ஓடவில்லை. "அம்மா, வடக்கே செம்பாறைக்கு வா. அங்கிருந்து ஒரு சுனைக்குக் கூட்டிப்போறேன், பேரீச்சை காய்ச்சுக் கிடக்கு. மூன்றாம் நாளோட மாலையில எங்க கூட்டம் அந்த வழியா தூரத்துக் காட்டுக்குப் போகுது. ஒரே ஒரு மாலைதான் நிப்பேன். அப்புறம் காத்து அடிச்சா தடம்கூட இருக்காது" என்று சொல்லிவிட்டுக் குட்டியைத் தேடிப் போனது.

மறுநாள் விடியற்காலையில் ஆஸிம் கிழங்கு தேடிக் கிளம்பினான். "இன்னைக்கு முதல் நாள். நாளை மறுநாள் மூன்றாம் நாள். அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன், சேர்ந்தே போகலாம்" என்றான். ஸில்லாவும் பிள்ளைக் கவலையில் தலையை ஆட்டிவிட்டாள்.

இரண்டாம் நாள் பகல் முழுக்கப் பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை. சூரியன் மேற்கே இறங்குகிற நேரத்தில்தான் அவளுக்குச் சுரீர் என்று உறைத்தது. நாள் ராத்திரியில் தொடங்குகிறது என்று சொன்னவள் அவளேதான். அப்படியானால் ராத்திரி முதலில், பகல் பின்னால். இந்தப் பகல் முடிந்தால் இரண்டாம் நாள் முடிந்தது, சூரியன் மறைந்ததும் மூன்றாம் நாள் வந்துவிடும். மூன்றாம் நாளின் மாலை என்பது நாளைக்கு இல்லை, இதோ இன்றைக்கு. நாளைக்குப் பொழுது சாய்ந்தால் அது நான்காம் நாள்.

அவனுக்காகக் காத்திருக்கலாமா? காத்திருந்தால் மான் போய்விடும், பிள்ளையும் போய்விடும். ஸில்லா பிள்ளையைத் துணியில் முடிந்து மார்போடு கட்டிக்கொண்டு வடக்கே நடந்தாள். செம்பாறையை எட்டியபோது கடைசி வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பாறையடியில் மான் குட்டியோடு நின்றது.

"கணக்குத் தப்பிடுவியோன்னு பயந்தேன்" என்றது மான்.

பக்கத்திலேயே படுத்து, முதலில் அந்தப் பிள்ளைக்குத் தன் மடியைக் கொடுத்தது. தன் குட்டியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கொடுத்தது. பிள்ளை குடித்தது. ஸில்லா மானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு மான் அவளைச் சுனையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் கூட்டத்தோடு போய்விட்டது.

மறுநாள் பொழுது சாயும்போது ஆஸிம் வந்தான். கூடாரம் காலி. செம்பாறைக்கு ஓடினான். மானும் இல்லை, மனைவியும் இல்லை, காற்று தடத்தையெல்லாம் அழித்திருந்தது. எல்லாம் போச்சு என்று மணலில் உட்கார்ந்துவிட்டான். பாறைக்குப் பின்னாலிருந்து ஸில்லா பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு, முந்தானை நிறையப் பேரீச்சம்பழத்தோடு வந்தாள்.

"நீங்க இன்னைக்குத்தான் வருவீங்கன்னு தெரியும். அதான் வந்து நின்னேன்" என்றாள்.

அவர்கள் வம்சத்தில் சிலர் வடக்கே போனார்கள், சிலர் தெற்கே போனார்கள். வடக்கே போனவர்கள் வழியில் யூதர்கள் வந்தார்கள், தெற்கே போனவர்கள் வழியில் முஸ்லிம்கள் வந்தார்கள் என்று கதை சொல்கிறவர்கள் சொல்வார்கள். யூத வீட்டில் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு வெள்ளி மாலை சூரியன் மறைவதற்கு முன்பே விளக்கேற்றிவிடுவார்கள். சனி மாலை நட்சத்திரங்கள் தெரிந்தால்தான் அந்த நாள் முடியும். நம் ஊர் முஸ்லிம் வீட்டில் வியாழன் ராத்திரியை வெள்ளி இரவு என்பார்கள். ரமலான் பிறை தெரிந்துவிட்டால், நோன்பு மறுநாள் விடியலில்தான் என்றாலும், இரவுத் தொழுகை அன்றைக்கே தொடங்கிவிடும். பிறை பதினைந்தாம் இரவில் விருந்து என்று உங்களை அழைத்தால், பதினான்காம் பகல் மறைந்ததும் போய்ச் சேருங்கள். பதினைந்தாம் பகல் முடிந்து போனால் அங்கே பதினாறு பிறந்திருக்கும், பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் கேட்கும்.

அன்று முதல்தான் அந்த இரண்டு ஜனங்களுக்கும் சூரியன் மறையும்போதே நாள் பிறக்கிறது. ஒரு தாய் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிப் போனாளே, அந்த மாலையிலிருந்து.