மிஞ்சிய சொல்

மலையடிவார மடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வந்தவர் மருதவாணர். தலை நரைக்கத் தொடங்கிய சீடர். சமையற்கட்டில் நின்றால் குழம்பு மணக்கும். தொழுவத்துக்குப் போனால் மாடுகள் அவர் குரலுக்குத் தலை திருப்பும். ஆனால் மனசு வகுப்பறையில்தான் இருந்தது.

அன்று காலை மடத்துத் தலைவர் சுவாமிகள் சொல்லிவிட்டார். நாளையிலிருந்து வகுப்பு இசக்கியப்பருக்கு, தொழுவம் மருதவாணருக்கு. இசக்கியப்பர் ஓய்வுபெற்ற வாத்தியார், மடத்துக்குப் புதியவர்.

மருதவாணர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார். நேரே போய்க் கேட்டார்.

"எங்கிட்ட என்ன குறை, சாமி?"

"இன்னிக்குச் சொல் போட்டி வச்சிருக்கியாமே?"

"ஆமா. என் கடைசிப் போட்டி."

"நானும் வந்து உக்கார்றேன்."

மாலை வகுப்பில் பிள்ளைகள் சுவாமிகளைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். மருதவாணர் விடுகதையில் ஆரம்பித்தார்.

"ரெண்டே எழுத்து. வானத்துல இருந்தா வெளிச்சம், தலைக்குள்ள இருந்தா தெளிவு."

"மதி."

"நாலெழுத்து. வாரத்துல ஒண்ணு, வருஷத்துல பன்னிரண்டு."

"திங்கள். பள்ளிக்கூடம் திறக்கிற பாழாப்போன நாள்," என்றான் பின்வரிசையில் ஒருவன். சுவாமிகளும் சிரித்தார். மருதவாணருக்குச் சிரிப்பு வரவில்லை.

கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதினார். இடப்பக்கம் நிலவு, மாதம், அறிவு, கடல். வலப்பக்கம் மதி, ஆழி, திங்கள், அம்புலி.

"ஒரே பொருள் தர்ற சொல்லோட கோடு போட்டு இணைக்கணும். ஒரு சொல்லை ஒரு தடவைதான் எடுக்கலாம்."

பூரணி என்ற சிறுமி முதலில் எழுந்தாள். நிலவிலிருந்து மதிக்குக் கோடு இழுத்தாள். மாதத்துக்குத் திங்கள், கடலுக்கு ஆழி. பிறகு சுண்ணக்கட்டியோடு அப்படியே நின்றாள். அறிவும் அம்புலியும் மிஞ்சியிருந்தன.

"ஐயா, நிலவுன்னா மதிதானே?"

"ஆமா."

"அப்ப நான் போட்டது சரி."

"அந்த ஒரு கோடு சரி. ஆனா அறிவு எங்க போகும்? அம்புலின்னா அறிவுன்னு யாராவது சொல்வாங்களா?"

பூரணி உதட்டைப் பிதுக்கினாள். சுவாமிகள் குறுக்கிட்டார்.

"நிலவுக்கு மூணு சொல் பொருந்துதே, மருதவாணா. மதி, திங்கள், அம்புலி. கேள்வியே தப்பா?"

"இல்ல சாமி. ஒவ்வொண்ணுக்கும் ஒரே சொல் வச்சா மனப்பாடம் போதும். யோசிக்க வைக்கத்தான் இப்படி. ஆனா எப்படிச் சுத்தினாலும் கடைசியில ஒரே விடைதான் வரணும். ரெண்டு விதமா முடிஞ்சா கேள்வி தப்பு. இதுல ஒரே விதமாத்தான் முடியும்."

"எங்க ஆரம்பிக்கணும்?"

"முதல்ல இருக்குன்னு நிலவுல ஆரம்பிக்கக் கூடாது. வேற போக்கிடம் இல்லாத சொல்லு எதுன்னு பாக்கணும். பூரணி, கடலுக்கு இங்க என்னென்ன பொருந்தும்?"

"ஆழி மட்டும்."

"அறிவுக்கு?"

"மதி மட்டும்." அவளே பழைய கோட்டை அழித்துவிட்டு அறிவை மதியோடு இணைத்தாள். "மதி போயிட்டா மாதத்துக்குத் திங்கள்தான் இருக்கு. நிலவுக்கு..." கடைசிக் கோட்டை இழுத்தாள். "அம்புலி."

"நாலும் சரி. முழு மதிப்பெண்."

பூரணி முகம் முழுக்கப் பல்லாகத் தன் இடத்துக்குப் போனாள்.

போட்டி முடிந்து பிள்ளைகள் கலைந்தார்கள். மருதவாணர் பலகையைத் துடைக்காமல் நின்றார்.

"சாமி, நான் கேட்டதுக்குப் பதில் வரலையே."

"கேளு."

"இசக்கியப்பர் தொழுவத்தைப் பாத்துக்க மாட்டாரா?"

"நேத்துப் பக்கத்துல போனாரு. செவலை மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு."

"சமையல்?"

"செவ்வாய்க்கிழமை அவரு வச்ச ரசம் நீயும்தானே குடிச்ச?"

மருதவாணர் அந்த ரசத்தை நினைத்துக்கொண்டார்.

"ஊருக்குத் திரும்பிப் போகலாமே அவர்?"

"வீட்டுல யாரும் இல்ல. வகுப்பு இல்லேன்னா கிளம்பறேன்னுதான் சொன்னாரு. எங்க போவீங்கன்னு கேட்டேன். தெரியலன்னாரு."

ஜன்னலுக்கு வெளியே மாடுகள் மேய்ச்சல் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தன. மருதவாணர் அவற்றைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்ப எனக்கு மிஞ்சினதுதானா, சாமி?"

சுவாமிகள் பலகையைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கடைசியா ஒரு கோடு போட்டாளே. மிஞ்சினதுதானேன்னு அதுக்கு அரை மதிப்பெண்ணா போட்ட?"