தலைகீழாகத் தெரிந்த சூரியன்

குறி சொல்லும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்றில் சூரியன் என்றொரு சீட்டு இருந்தது. வெள்ளைக் குதிரைமேல் சிரிக்கும் குழந்தைதான் அதன் படம். அதனால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஒரு மாலை தணிகைவேலும் அவன் மனைவி சுகந்தியும் வந்தார்கள். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்று கேட்க வந்திருந்தார்கள். இருவரும் மாறி மாறிக் கட்டைக் கலைத்தார்கள். சீட்டு பார்க்கும் ஜெசிந்தா எதிரே உட்கார்ந்து ஐந்து சீட்டுகளை வைத்தாள். மேல் வரிசையில் இருவருடைய தயார்நிலை: அவனுக்குச் சூரியன், அவளுக்குப் பேரரசி. கீழ் வரிசையில் பயங்கள்: அவனுக்கு நிலா, அவளுக்குக் கோபுரம். நடுவில், கவிழ்த்தபடி, இருவருக்கும் பொதுவான ஆசை.

"நேரா வந்துட்டேன் பாத்தியா? நேரா வந்தா நல்ல பலன்!" என்றது சூரியன்.

"ரொம்ப ஆடாதே," என்றது நிலா.

அதற்குள் வாசல் மணி அடித்தது. ஜெசிந்தா எழுந்து போனாள். சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பினாள். தணிகைவேல் சட்டென்று சூரியனைத் தலைப்பக்கம் மாற்றி வைத்தான்.

"அடப்பாவி! என் தலை!" என்று அலறியது சூரியன். நிலா விழுந்து விழுந்து சிரித்தது.

ஜெசிந்தா வந்து பார்த்தாள். "சூரியன் தலைகீழா இருக்கு. ஆசை இருக்கு சார், ஆனா மனசு இன்னும் தயாராகல."

"தலைகீழாவா? நான் நேராத்தானே வெச்சேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. காது மடல்கள் சிவந்துவிட்டன.

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "சீட்டை என் பக்கமிருந்துதான் படிக்கணும் சார். அது நேராத்தான் வந்துச்சு. எதிர்ல இருக்கறதால உங்களுக்குத் தலைகீழாத் தெரிஞ்சிருக்கு."

"ஏங்க திருப்புனீங்க?" என்றாள் சுகந்தி.

அவன் மேசைவிரிப்பின் நூலைப் பிய்த்தான். "அந்தக் குழந்தை தலைகுப்புற விழற மாதிரி இருந்துச்சு. நான் தயாரா இல்லன்னு சீட்டு கண்டுபிடிச்சிருச்சோன்னு நினைச்சேன். வீட்ல எல்லார்கிட்டயும் தயார்னு சொல்லிட்டேனே."

சூரியனுக்கு முகம் சுருங்கியது. "அப்போ நேரா வந்து நின்னப்போதான் நான் பொய் சொல்லியிருக்கேன்," என்றது. இந்த முறை நிலா சிரிக்கவில்லை.

சுகந்தி பேரரசியைத் தொட்டாள்.

"இதுவும் எனக்குத் தலைகீழாத்தான் தெரிஞ்சுது. சரியாத்தான் வந்திருக்குன்னு விட்டுட்டேன்." சீட்டின் ஓரத்தை நகத்தால் தடவினாள். "நீங்க தயார்னு சொன்னதாலதான் நானும் சொன்னேன்."

பேரரசி கிரீடத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள்.

தணிகைவேல் அவள் கையைத் தேடினான். அவள் பார்க்காமலேயே கொடுத்தாள். ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

நடுவில் கவிழ்ந்திருந்த சீட்டு மெல்லக் கேட்டது. "என்னை இப்போ திருப்புவாங்களா?"

"கொஞ்சம் பொறு," என்றது சூரியன், தலைகீழாகவே. "இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க."